இரண்டு வெள்ளை

போன மாதம் ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா ஒரு கல்யாண ஆல்பத்தையும் ஒரு சேலைப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு என் தையல் அறைக்கு வந்தார். ஆல்பம் அவருடைய மூத்த மகளுடையது. மூன்று வருஷத்துக்கு முந்தைய கல்யாணம். பெட்டியில் இருந்தது அன்றைக்கு அவள் கட்டிய சேலை. இளையவளுக்கு இப்போது தேதி குறித்திருக்கிறார்கள்.

"மூத்தவளுக்க முகத்தைப் பாரு. ஒடம்பு செரியில்லாத பிள்ளை மாதிரில்லா இருக்கு? அன்னைக்கு அவ எவ்வளவு சந்தோசமா இருந்தா தெரியுமா. இளையவளுக்கும் இப்படி ஆயிரக் கூடாது, அதான் உன்கிட்ட கொண்டு வந்தேன்."

ஆல்பத்தைப் புரட்டினேன். கோயில் வாசலில் எடுத்த படங்கள். சேலை பளீரென்று இருக்கிறது, வெள்ளிச் சரிகையும் நன்றாகத் தெரிகிறது. அதற்கு மேலே இருக்கும் முகத்தில்தான் சாம்பல் பூத்த மாதிரி ஒரு மங்கல். உதட்டைச் சுற்றிக் கருமை, கண்ணுக்குக் கீழே நிழல். அந்தப் பெண்ணை எனக்குப் பத்து வயதிலிருந்து தெரியும். ஓணத்துக்குக் கசவுச் சேலை கட்டிக்கொண்டு தெருவில் வந்தாளென்றால், உள்ளே விளக்கு ஏற்றி வைத்த மாதிரி முகம் துலங்கும். அதுவும் வெள்ளைச் சேலைதானே? அப்புறம் ஏன் இப்படி?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துகொண்டால் சேலை நிறம் பற்றிய பாதிக் குழப்பம் போய்விடும். வடசேரியில் பதினெட்டு வருஷமாக ஜாக்கெட் தைக்கிறேன். சேலை எத்தனை முழமாக இருந்தாலும் முகத்துக்குப் பக்கத்தில் இருப்பது தோளில் கிடக்கும் முந்தானையும் ஜாக்கெட் கழுத்தும்தான். அந்த ஒரு சாண் துணி கழுத்துக்கும் தாடைக்கும் என்ன செய்கிறது என்பதைத்தான் தினமும் கண்ணாடி முன்னால் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் குமரி மாவட்டத்துக்கு இரண்டு வெள்ளை உண்டு. 1956 நவம்பர் 1 வரைக்கும் நாங்கள் திருவிதாங்கூரோடு இருந்தவர்கள். எல்லை மாறினாலும் கசவு எங்கள் பெட்டியை விட்டுப் போகவில்லை. கசவு நெசவுக்குப் பேர்போன பாலராமபுரத்தில் தறி போட்டவர்களே, பாலராம வர்மா காலத்தில் நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட சாலியர்கள்தான். அந்தச் சேலையின் உடல் வெளுக்காத பருத்தி நூல். பஞ்சுக்கு இயற்கையாகவே உள்ள மங்கிய மஞ்சள் அதில் அப்படியே நிற்கும். இன்னொன்று கோயில் கல்யாணத்துக்குக் கட்டும் வெள்ளை. அந்தத் துணியை முதலில் வெளுத்து, பிறகு 'ஒயிட்னர்' என்று சொல்லும் ஒளிரூட்டி ஏற்றியிருப்பார்கள். அது சூரிய ஒளியில் உள்ள, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை உறிஞ்சிக்கொண்டு நீல ஒளியாக வெளியே விடுகிற பொருள். துணியில் மிச்சமிருக்கும் மஞ்சளை அந்த நீலம் மறைத்துவிடும். 'பளீர் வெள்ளை' என்று நாம் சொல்வது உண்மையில் நீலம் கலந்த வெள்ளை.

ஆக, கசவு மஞ்சள் பக்கம் சாய்ந்த வெள்ளை, கோயில் சேலை நீலம் பக்கம் சாய்ந்த வெள்ளை. மூத்தவளுக்கு ஒன்று பொருந்தி மற்றொன்று பொருந்தாமல் போனதற்குக் காரணம், அவள் தோலுக்கும் இதே மாதிரி ஒரு சாய்வு இருப்பது. அதைத்தான் 'அண்டர்டோன்' என்கிறார்கள். மஞ்சள், செம்பு பக்கம் சாய்ந்தால் வார்ம். ரோஸ், நீலம் பக்கம் சாய்ந்தால் கூல்.

நம்முடைய பேச்சில் கறுப்பு, மாநிறம், சிவப்பு என்று மூன்று சொற்களை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் முடித்துவிடுகிறோம். அந்த மூன்றும் சொல்வது தோல் எவ்வளவு அடர்த்தி என்பதை மட்டும்தான். எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைச் சொல்லாது. இந்த அக்காவின் இரண்டு பெண்களையும் பக்கத்தில் நிற்க வைத்தால் யாரும் மாநிறம் என்றுதான் சொல்வார்கள், இரண்டு பேரின் அடர்த்தியும் ஒன்று. ஆனால் மூத்தவள் செம்புப் பாத்திரம் தேய்த்து வைத்தது போல. இளையவள் நாவல்பழச் சாறு ஒரு துளி கலந்தது போல. தோலின் நிறத்தில் மெலனின் பெரும்பங்கு. அதன் மேல் தோலுக்குள் ஓடும் இரத்தத்தின் சிவப்பும், கேரட், பப்பாளியில் இருப்பது போன்ற மஞ்சள் பொருளும் சேருகின்றன. மெலனின் ஒரே அளவு இருந்தாலும் மற்றவற்றின் விகிதம் மாறினால் சாய்வு மாறிவிடும்.

சங்கக் கவிஞர்களுக்கு இது தெரிந்திருந்தது. மாந்தளிர் நிறத்தை 'மாமை' என்றார்கள். அது அடர்த்தியும் செம்புச் சாய்வும் சேர்ந்த ஒரு சொல். பிரிவில் அந்த மாமை போய் மேனியில் படர்கிற மஞ்சளைப் பசலை என்றார்கள், பீர்க்கம்பூவோடு ஒப்பிட்டார்கள். எங்கள் பாட்டிமார்கூட 'எலுமிச்சம்பழ நிறம்' என்று சொல்வதுண்டு. நடுவில் எங்கோ அந்தக் கண்ணைத் தொலைத்துவிட்டு 'சிவப்பா, கறுப்பா' என்ற ஒரே கேள்வியில் வந்து நிற்கிறோம். தொலைத்தது நாம் மட்டுமில்லை. முகங்களை ஆராய்கிற கணினி ஆய்வுகளும் வெகுகாலம் வெளுப்பு முதல் கறுப்பு வரை என்ற ஒரே அளவுகோலை வைத்திருந்தன. 2023-இல் சோனி நிறுவன ஆய்வாளர்கள் ஒரு கட்டுரையில், அது போதாது, சிவப்பு முதல் மஞ்சள் வரை இரண்டாவது அளவுகோலும் வேண்டும் என்று வாதிட்டார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மனிதத் தோல் எதை எடுத்தாலும், எவ்வளவு கறுப்பானாலும் வெளுப்பானாலும், ஆரஞ்சுப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டத்துக்குள்தான் இருக்கும். கூல் தோல் என்றால் நீலத் தோல் என்று பொருளில்லை. அந்த வட்டத்துக்குள்ளேயே கொஞ்சம் ரோஸ் ஓரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். வித்தியாசம் நூலிழை அளவு. அதனால்தான் தோலை மட்டும் தனியாகப் பார்த்துச் சொல்ல முடிவதில்லை, துணியைப் பக்கத்தில் வைத்தால்தான் தெரிகிறது.

இணையத்தில் சொல்லும் சோதனைகள் ஏன் நம்மிடம் தடுமாறுகின்றன என்பதற்கும் இதுதான் காரணம். மணிக்கட்டு நரம்பு பச்சையாகத் தெரிந்தால் வார்ம், நீலமாகத் தெரிந்தால் கூல் என்கிறார்கள். நரம்புக்குள் ஓடுவது அடர்சிவப்பு இரத்தம். வெளியே தெரிகிற நிறம் தோல் ஒளியைச் சிதறடிப்பதாலும், சுற்றியுள்ள தோலோடு கண் ஒப்பிடுவதாலும் வருவது. மாநிறத் தோல் வழியாகப் பார்த்தால் எங்களில் பாதிக்கு மேல் பேருக்கு அது பச்சையாகத்தான் தெரிகிறது, கறுத்த தோலில் தெரிவதே இல்லை. தங்கமா வெள்ளியா என்ற சோதனையும் அப்படித்தான். பிறந்ததிலிருந்து தங்கத்தோடேயே பார்த்துப் பழகிய முகத்துக்குத் தங்கம் சேரவில்லை என்று எங்கள் ஊரில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

இந்த வார்ம், கூல் பேச்சைப் பரவலாக்கிய புத்தகம் 1980-இல் அமெரிக்காவில் கரோல் ஜாக்சன் எழுதிய 'கலர் மீ பியூட்டிஃபுல்'. ஆட்களை நான்கு பருவங்களாகப் பிரித்த அந்தப் புத்தகம் ஆசியர்களிலும் கறுப்பினத்தவரிலும் பெரும்பாலோரைக் குளிர்காலம் என்ற ஒரே பெட்டியில் போட்டது. தூய பளீர் வெள்ளை குளிர்காலத்துக்கு உரியது என்றும் சொன்னது. அந்தக் கணக்குப்படி பார்த்தால் மூத்தவள் கட்டியதுதான் சரியான சேலை. ஆல்பம் என் மடியில் விரிந்து கிடக்கிறது. அது சரியில்லை என்பது யார் கண்ணுக்கும் தெரியும்.

துணி முகத்தை எப்படி மாற்றுகிறது? இதை முதலில் ஒழுங்காக எழுதியவர் மிஷேல் யூஜீன் ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். பாரிஸில் கோப்லான் நெசவுக்கூடத்தின் சாயப்பிரிவுக்கு 1824-இல் தலைவரானார். கறுப்புச் சாயம் சரியில்லை என்று வந்த புகாரைத் துருவிப் பார்த்தவர், குறை சாயத்தில் இல்லை, பக்கத்தில் வைத்து நெய்த நிறத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். 1839-இல் வந்த அவருடைய புத்தகத்தில் பெண்களின் முகத்துக்கு எந்த நிறத் துணி என்ன செய்யும் என்பதற்கும் இடம் உண்டு. அவர் சொன்னபடி துணி இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, துணியில் பட்ட ஒளி தெறித்துத் தாடையில் விழுகிறது. இன்னொன்று, பக்கத்தில் இருக்கும் நிறத்தால் கண் தோலை எதிர்ப்பக்கமாகத் தள்ளிப் பார்க்கிறது.

மூத்தவள் படத்தில் இந்த இரண்டும் கெடுதல் செய்திருக்கின்றன. வெள்ளைத் துணிதான் ஒளியை மிக அதிகமாகத் திருப்பி அனுப்பும். அந்த நீல வெளிச்சம் கீழிருந்து தாடையிலும் உதட்டோரத்திலும் கண்ணுக்கு அடியிலும் ஏறியதில், அந்த இடங்களிலிருந்த செம்பு நிறம் சாம்பலாகிவிட்டது. அதே நேரத்தில் நீல வெள்ளைக்குப் பக்கத்தில் பார்க்கும்போது மீதி முகம் இருப்பதைவிட மஞ்சளாகத் தோன்றுகிறது. ஒரே முகத்தில் சாம்பல் திட்டும் மஞ்சள் திட்டும் வந்தால் காய்ச்சல் கண்ட முகம் போலத்தான் இருக்கும்.

"கடையில பாக்கையில நல்லாத்தானே இருந்துது?" என்றார் அக்கா. இருந்திருக்கும். கடைக்குள் எரிவது எல்.இ.டி. விளக்கு. அதில் புற ஊதாக் கதிர் அநேகமாகக் கிடையாது. தூண்டுவதற்கு ஆள் இல்லாததால் ஒயிட்னர் சும்மா கிடக்கும். மஞ்சள் சாயல் விளக்கும் சேர்ந்தால் அந்தச் சேலை கடைக்குள் ஏறக்குறைய சந்தன வெள்ளை போலவே தெரியும். காலை பத்து மணிக் கோயில் வாசலில், வானம் திறந்து கிடக்கும் இடத்தில் நின்றபோதுதான் அது தன் முழு நீலத்தையும் காட்டியது. கல்யாணச் சேலை எடுப்பவர்கள் கடை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிற பழைய வழக்கத்தை விடவே கூடாது. இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

மறுநாள் காலை இரண்டு பெண்களையும் வரச் சொன்னேன். பவுடர் வேண்டாம், மை வேண்டாம், இரண்டு நாளாக மஞ்சள் பூசியிருக்கக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினேன். மஞ்சள் தேய்த்துக் குளிப்பவர்களைச் சோதித்தால் எல்லாரும் வார்ம் என்றுதான் வரும். முகம் கழுவித் துடைத்தால் கொஞ்ச நேரம் சிவந்திருக்கும். அது அடங்கக் கால்மணி நேரம் உட்கார வைத்தேன். கழுத்துச் சங்கிலியைக் கழற்றி, முடியை இறுக்கிப் பின்னால் கட்டி, உடுப்பின் மேல் ஒரு சாம்பல் நிறத் துண்டைப் போர்த்தினேன்.

இடம் முக்கியம். என் அறைச் சன்னலுக்கு வெளியே வாழைத்தோப்பு. அங்கே வருகிற வெளிச்சமே பச்சையாக இருக்கும். நம் ஊரில் தென்னை நிழலிலும் வாழை நிழலிலும் நிறம் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய. வீட்டுச் சுவரில் கிளிப்பச்சை பெயின்ட் அடித்திருந்தாலும் அதே கதைதான். அதனால் வடக்குப் பார்த்த முன்வாசல் படியில், நேர் வெயில் விழாத ஆனால் வானம் தெரிகிற இடத்தில் நாற்காலி போட்டேன்.

முதலில் மூத்தவள். அவளுடைய கசவு முந்தானையைக் கழுத்தை ஒட்டிப் போர்த்தி, அதன்மேல் கோயில் சேலையைப் போட்டேன். பிறகு மேல் துணியை மட்டும் சட்டென்று உருவினேன். திரும்பப் போட்டேன், உருவினேன். ஐந்தாறு தடவை. இப்படிச் செய்யும்போது துணியைப் பார்க்கக் கூடாது; பார்த்தால் அழகான துணியே ஜெயித்துவிடும். உதட்டோரம், கண்ணுக்குக் கீழ், தாடைக்கும் கழுத்துக்கும் நடுவே உள்ள கோடு, இந்த மூன்று இடங்களை மட்டும் பார்க்க வேண்டும். பொருந்துகிற நிறத்தில் உதட்டோரக் கருமை கன்னத்தோடு கலந்துவிடும், தாடைக்கோடு தெளியும். பொருந்தாததில் அந்தக் கருமை தனித்திட்டாகப் பிரியும்.

கோயில் சேலையை உருவிக் கசவு தெரிந்த ஒவ்வொரு தடவையும் மூத்தவள் நன்றாகத் தூங்கி எழுந்தவள் போல ஆனாள். அக்கா வாயில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

அடுத்து இளையவள். அதே இரண்டு துணி, அதே படி, அதே வெளிச்சம். கசவு போட்டபோது முகம் கெட்டுப்போகவில்லை, ஆனால் துணியின் மஞ்சள் அப்படியே தாடைக்கு ஏறி முகம் களைத்துத் தெரிந்தது. கோயில் சேலை மேலே விழுந்ததும் உதடு தானே சிவந்தது, கண்ணின் வெள்ளை வெளுத்தது, தாடைக்கோடு பென்சிலால் வரைந்த மாதிரி நின்றது.

"ஏ, இவளுக்கு இது கொள்ளாமே!" என்றாள் மூத்தவள். தன்னுடைய சேலையைத்தான் சொன்னாள்.

கைபேசியில் படம் எடுத்து ஒப்பிடலாமா என்று கேட்டார்கள். தனித்தனியாக எடுத்தால் பயனில்லை. வெள்ளைத் துணி சட்டத்துக்குள் வந்ததும் கைபேசி நிறத்தையும் வெளிச்சத்தையும் தானாகவே சரிசெய்துகொள்ளும், வித்தியாசம் அழிந்துவிடும். இடது தோளில் ஒரு வெள்ளை, வலது தோளில் மற்றொன்று போட்டு ஒரே படமாக எடுக்க வேண்டும். அப்படி எடுத்தபோது மூத்தவளின் முகத்தில் இரண்டு கன்னமும் இரண்டு ஆளுடையது போல இருந்தன.

வெள்ளையை வைத்துச் சொல்வதெல்லாம் மற்ற நிறங்களுக்கும் ஆகும். 'எனக்குப் பச்சை சேராது' என்று சொல்கிறவர்களிடம் எந்தப் பச்சை என்று கேட்பேன். கிளிப்பச்சையில் மஞ்சள் இருக்கிறது, ராமர் பச்சையில் நீலம். சிவப்பில் தக்காளிச் சிவப்பும் செங்கல் நிறமும் மூத்தவளுக்கு. வாடாமல்லியும் மாதுளைச் சிவப்பும் இளையவளுக்கு. தோவாளைப் பூச்சந்தையில் கனகாம்பரத்தையும் வாடாமல்லியையும் பக்கத்தில் குவித்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பட்டில் ஊடும் பாவும் இரண்டு நிறமாக நெய்த மயில்கழுத்து மாதிரிச் சேலைகளில் இரண்டு சாய்வும் இருப்பதால் அநேகம் பேருக்குப் பொருந்திவிடும். எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகக் காஞ்சிபுரத்தில் முத்து செட்டியார் நெய்து, அவர் பெயராலேயே அறியப்பட்ட எம்.எஸ். புளூ எல்லா மேடையிலும் எல்லாருக்கும் பொருந்துமா என்றால், நான் பார்த்தவரையில் ரோஸ் சாய்வு உள்ளவர்களுக்கு முந்தானையிலும், செம்புச் சாய்வு உள்ளவர்களுக்கு உடலில் நீலம் இருந்து ஜாக்கெட் அரக்கோ மாம்பழ மஞ்சளோ ஆகும்போதும் நன்றாக வருகிறது.

சாய்வு எல்லாவற்றையும் தீர்மானிப்பதும் இல்லை. என்னிடம் வருபவர்களில் நிறையப் பேர் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறவர்கள். ஆறு தடவை துணியை உருவினாலும் முகம் மாறாது. அவர்கள் பார்க்க வேண்டியது அடர்த்தியை. கறுத்த தோலுக்கு வெளிர்நிறம்தான் என்று கடையில் பெண்களைத் தள்ளிவிடுவார்கள், அதைக் கேட்டு எனக்குக் கோபம் வராத நாளில்லை. வாடாமல்லியும் கடுகு மஞ்சளும் கறுத்த தோலில் நிற்கிற நிறைவு வேறெதிலும் வராது. வெளுத்துப்போன பிஸ்தாவும் பேபி பிங்க்கும்தான் அங்கே தோலோடு சண்டை போடும்.

சாய்வு சாகும்வரை மாறாது என்பதையும் நான் நம்பவில்லை. பிரசவத்துக்குப் பின் இரத்தம் குறைந்து வருகிற பெண்களுக்கு முகத்தின் சிவப்பு போய் மஞ்சள் மிஞ்சும். ஆகிக்கொண்டிருந்த சேலை ஆகாமல் போனதாக அவர்களே வந்து சொல்வார்கள். அப்போது சேலையை மாற்றச் சொல்ல மாட்டேன், இரத்தப் பரிசோதனைக்குத்தான் அனுப்புவேன்.

மூத்தவள் கிளம்பும்போது தன் கசவுச் சேலையை எடுத்துக் காட்டி, முன்பு இருந்த நிறம் இப்போது இல்லையே என்றாள். சோப்புத் தூளிலும் ஒயிட்னர் இருக்கிறது. ஒவ்வொரு துவைப்பிலும் நூலில் அது கொஞ்சம் ஏறும். வெளுப்பாகட்டும் என்று நீலமும் போட்டால் கேட்கவே வேண்டாம், சில வருஷத்தில் கசவு கோயில் வெள்ளையாகிவிடும். பூந்திக்கொட்டையில் அலசச் சொல்லி அனுப்பினேன்.

இளையவளுக்கு மூத்தவளின் கோயில் சேலையே என்று முடிவாயிற்று. அவர்கள் அம்மாவுக்கு முதலில் மனசு ஒப்பவில்லை, பழைய சேலை என்றால் நாலுபேர் பேசுவார்களே என்று. இரண்டு பெண்களும் சேர்ந்து சம்மதிக்க வைத்தார்கள். ஜாக்கெட் மட்டும் புதிதாக வேண்டும். மூத்தவளுடைய அளவு சேராது, உள்தையலிலும் விட்ட துணி இல்லை.

வெள்ளைக்கு வெள்ளை மேட்சிங் எடுப்பதைவிடக் கஷ்டம் ஒன்றுமில்லை. கடை விளக்கில் ஐந்து துணியும் ஒன்றுபோல இருக்கும், வெளியே வந்தால் ஐந்தும் ஐந்து வெள்ளை. நான் துணி எடுக்கக் கடைக்குப் போன அன்றைக்கு மழை வேறு, வாசலில் விரித்துப் பார்க்க வழியில்லை. கல்லாவில் கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கு இருந்தது. சேலைத் தலைப்பின் ஓரத்தை அதன் அடியில் வைத்தேன், நீலமாக எரிந்தது. முதல் துணி கறுத்துக் கிடந்தது, ஒயிட்னர் இல்லாதது. இரண்டாவது மங்கலாக மினுங்கியது. மூன்றாவதை வைத்ததும் சேலையும் துணியும் எங்கே முடிகிறது எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் ஒரே நீலமாக எரிந்தன. கல்லாவில் இருந்த பெண் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் வெள்ளைச் சுரிதார்த் துப்பட்டாவையும் அடியில் நீட்டினாள்.

ஒரு மீட்டர் வெட்டச் சொன்னேன்.